நிறுத்திவைத்த பணமும் ஒரு விளக்கக் கடிதமும்

கட்டட காண்டிராக்டர்களிடம் கணக்கு எழுதிப் பிழைத்தவர்களுக்கு உள்ள பெருங்கவலை பில் எழுதுவதன்று. அளவுப் புத்தகம் சரியாக இருந்து, ஒப்பந்தத்தில் விலை குறித்திருந்தால் பில் தானே உருவாகிவிடும். கட்டடம் முடிந்து, சாவி கைமாறி, மேஸ்திரியும் கொத்தனாரும் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்ட பிறகு, ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஐந்தாகப் பிடித்து வைத்த ரிட்டென்ஷன் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய தருணம் ஒன்று வரும். அப்பொழுதுதான் எங்கள் தொழிலின் உண்மையான பரீட்சை ஆரம்பமாகிறது. வேலை நடக்கும்போது கட்டடக்காரருக்கு காண்டிராக்டர் தேவை. வேலை முடிந்தபின் காண்டிராக்டருக்கே கட்டடக்காரர் தேவை. இந்த நிலைமாற்றத்தை அறியாமல் எழுதப்படும் கடிதங்கள் கெஞ்சலாகவோ சண்டையாகவோ முடிந்துபோகின்றன. இரண்டினாலும் பணம் வருவதில்லை.

இந்தத் தொகையின் சுபாவத்தை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பத்தாயிரம் ரூபாய் வேலை அளந்து ஒப்புக்கொள்ளப்பட்டால், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கைக்கு வரும். மீதி ஐந்நூறு, வேலையில் பின்னால் குறை தென்பட்டால் அதைச் சரிசெய்ய ஒரு பிடிமானமாகக் கட்டடக்காரரிடம் நிற்கும். எனவே அது வேலை செய்து சம்பாதித்த பணமே அல்லாமல், கட்டடக்காரர் மனமுவந்து கொடுக்கும் வெகுமதி அல்ல. சாதாரணமாக அதில் பாதி, கட்டடத்தை ஒப்படைக்கும்போது விடுவிக்கப்படும். மறுபாதி, குறைதீர்ப்புக் காலம் என்று ஒப்பந்தத்தில் குறித்த ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழிந்த பின்பு விடுவிக்கப்படும். தகராறுகள் பெரும்பாலும் இந்த மறுபாதியைப் பற்றியே எழுகின்றன. ஒரு வருஷம் தம் பெட்டியில் இருந்த பணத்தை, நாளடைவில் தம்முடைய பணமாகவே எண்ணிக்கொள்ளும் மனப்பான்மை நல்லவர்களுக்கும் உண்டாகிவிடுகிறது.

நான் எழுதிய இத்தகைய கடிதங்களுள் ஒன்றை மட்டும் இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் யாத்திரிகர் தங்கும் விடுதி ஒன்று கட்டினார்கள். உறையூரைச் சேர்ந்த ஒரு காண்டிராக்டர் அதை எடுத்துச் செய்தார். அவருக்கு நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தப்படி 1986 மார்ச்சு முதல் தேதி வேலை தொடங்கி, பத்து மாதத்தில், அதாவது டிசம்பர் 31-க்குள் முடிய வேண்டும். உண்மையில் ஆறு வாரம் தாமதித்து 1987 பிப்ரவரி 11-ஆம் தேதி கட்டடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வருஷம் மார்ச்சு 25-ஆம் தேதி ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். பதின்மூன்று நிலைகளோடு அந்தக் கோபுரம் நிறைவெய்தி நின்ற காலம் அது. வெளியூர் ஜனங்கள் திரள்திரளாக வந்து சேருமுன் விடுதியைத் திறந்துவிட வேண்டுமென்பது ஸ்தாபனத்தாரின் ஆவல். அப்படியே திறந்து, அறைகளை வாடகைக்கும் விட்டார்கள். ஒப்படைத்த மாதமே ரிட்டென்ஷனில் முதல் பாதியையும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். இந்தச் சிறு சம்பவங்களெல்லாம் பிற்பாடு எவ்வளவு உபயோகமாயின என்பது போகப் போகத் தெரியும்.

அளந்து ஒப்புக்கொண்ட வேலையின் மொத்த மதிப்பு ரூ. 12,64,000. அதில் நூற்றுக்கு ஐந்து ரூ. 63,200. பாதி போக, ஸ்தாபனத்தாரிடம் நின்றது ரூ. 31,600. ஒரு வருஷக் குறைதீர்ப்புக் காலம் 1988 பிப்ரவரி 10-ஆம் தேதி முடிந்தது. அதிலிருந்து முப்பது நாளைக்குள் பணத்தை விடுவிக்க வேண்டுமென்பது ஒப்பந்த ஷரத்து. முப்பது நாளும் கடந்து, ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், இறுதிக் கணக்கு ஸ்டேட்மெண்டு என்ற தலைப்போடு தபாலில் ஒரு கற்றை வந்தது. ரிட்டென்ஷன் பாக்கி ரூ. 31,600 என்று ஒரு பக்கத்தில் வரவு வைத்து, எதிர்ப்பக்கத்தில் மூன்று கழிவுகளைக் காட்டியிருந்தார்கள். சுவர்களில் ஈரமும் கசிவும் கண்டு பழுது பார்த்த வகையில் ரூ. 11,400, வேலை தாமதமானதற்காக வாரத்துக்கு இரண்டாயிரம் வீதம் ஆறு வாரத்துக்கு ரூ. 12,000, ஸ்தாபனத்தார் கொடுத்த சிமெண்டில் கணக்குக்கு மேல் செலவான 62 மூட்டைக்கு, மூட்டை விலை 65 ரூபாயை இரட்டித்து, ரூ. 8,060. ஆக ரூ. 31,460 போக, காண்டிராக்டருக்குச் சேர வேண்டிய நிகர பாக்கி ரூ. 140 என்று கடைசி வரி கூறிற்று. அதோடு ஒரு வவுச்சரும் இணைத்திருந்தார்கள். 'கணக்கு முழுவதும் தீர்ந்தது. இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை' என்று ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்டு அனுப்பினால் 140 ரூபாய்க்கு செக் வருமாம்.

காண்டிராக்டர் கற்றையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கய்யா, பெரிய இடம், நாளைக்குக் கல்யாண மண்டபம் கட்டப்போறாங்களாம். இதுலே கையெழுத்துப் போட்டுட்டு அந்த வேலையையாவது பிடிப்போமே" என்றார்.

"போடலாம் தம்பி. ஆனா இந்த வவுச்சரிலே போட்டுட்டா, மண்டபத்து ரிட்டென்ஷனுக்கும் இதே வவுச்சர்தான் வரும்" என்று நான் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்து, கடிதம் எழுதச் சொன்னார்.

எழுத உட்காருவதற்கு முன் நான் செய்த முதற்காரியம், அவர்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்டை எங்கள் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல், அதையே அதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததுதான். எதிர்க்கட்சியின் கணக்கை நம் கணக்கைக்கொண்டு மறுத்தால் இரண்டு கணக்குகளும் சமமாக நிற்கும். எது மெய் என்று முடிவு செய்ய மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுவார். அவர்கள் கணக்கின் ஓர் ஏடு மற்றோர் ஏட்டை மறுப்பதாகக் காட்டிவிட்டாலோ, பதில் சொல்ல வேண்டிய பாரம் அவர்கள்மேல் விழுந்துவிடும். ஸ்டேட்மெண்டுக்கு ஐந்து அனுபந்தங்கள் இருந்தன. இரண்டாவது அனுபந்தத்தில், ஒப்பந்தத்தில் இல்லாமல் பின்னால் செய்வித்த அதிகப்படி வேலைகளின் பட்டியலும், அவற்றுள் ஒன்றாக முன்வாசலில் கட்டிய சம்ப் தொட்டிக்குக் கொடுத்த தொகையும் இருந்தன. நான்காவது அனுபந்தத்தில் சிமெண்டுக் கணக்கு இருந்தது; அந்தச் சிமெண்டுக் கணக்கில் சம்ப் தொட்டி இல்லை.

சிமெண்டுக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கட்டடக்காரரே சிமெண்டு வாங்கிக் கொடுக்கும் ஒப்பந்தங்களில், அளந்த வேலை ஒவ்வொன்றுக்கும் இத்தனை மூட்டை பிடிக்குமென்ற ஒரு வாய்பாடு உண்டு. உதாரணமாக, ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 6.4 மூட்டை. இவ்வாறு எல்லா வேலைக்கும் கணக்கிட்டுக் கூட்டி, கொடுத்த மூட்டைகளிலிருந்து கழித்தால், மிஞ்சுவது அதிகச் செலவு. அதற்கு இரட்டை விலை பிடிப்பது, சிமெண்டு வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்க ஏற்பட்ட வழக்கம். இந்த விடுதிக்குக் கொடுத்தது 2,300 மூட்டை. வாய்பாட்டின்படி ஆக வேண்டியது 2,238 மூட்டை என்று கணக்கிட்டு, 62 மூட்டை அதிகமென்றார்கள். சம்ப் தொட்டியில் ஏழு கன மீட்டர் கான்கிரீட்டு உண்டு. அந்த அளவு அவர்களுடைய இரண்டாவது அனுபந்தத்திலேயே அச்சுப் பிசகாமல் இருந்தது. அதற்கு 45 மூட்டை. அதைச் சேர்த்தால் அதிகச் செலவு பதினேழு மூட்டையாகக் குறைகிறது. ஒப்பந்தமோ, சிந்துவது சிதறுவது என்று நூற்றுக்கு இரண்டு வரை விட்டுக்கொடுத்திருந்தது. 2,238-இல் நூற்றுக்கு இரண்டென்றால் ஏறக்குறைய 45 மூட்டை. ஆகவே அபராதம் விதிக்க ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை. கடிதத்தில் இதற்கு நான் செலவழித்தது நாலே வரிகள். அந்த நாலு வரியிலும் எங்கள் எண் ஒன்றுமில்லை, எல்லாம் அவர்கள் எண்களே.

ஈரம் பற்றிய விவகாரம் இவ்வளவு சுலபமாக இல்லை. பழுதுபார்த்த பில்லைப் பார்த்தபோது ரூ. 11,400 என்பது இரண்டு தனி வேலைகளின் கூட்டுத்தொகை என்று தெரிந்தது. முதல் மாடிக் குளியலறையில் நஹானி ட்ராப்பைச் சுற்றிக் கசிந்து, கீழறைக் கூரையில் கறை இறங்கியதைச் சரிசெய்ய ரூ. 1,850. தரைத்தளக் கிழக்குச் சுவர் நெடுகப் பூச்சை உரித்து மறுபடியும் பூச ரூ. 9,550. இவ்விரண்டும் வெவ்வேறு காரணங்களால் உண்டானவை. ஒன்றாகச் சேர்த்து 'ஈரம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதியதனால், ஒன்றின் நியாயம் மற்றொன்றுக்கும் ஏறிவிட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

குளியலறைக் கசிவு எங்கள் வேலையின் குறைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ட்ராப்பின் கழுத்தைச் சுற்றித் தரைக் கான்கிரீட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சந்தை அடர்த்தியான கலவையால் அடைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஒப்பந்தப்படி முதலில் எங்களுக்கு நோட்டீசு கொடுத்து, நாங்கள் செய்யத் தவறினால்தான் வேறு ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம், நோட்டீசு வரவில்லை. அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டு 1,850 ரூபாயையும் மறுத்திருக்கலாம். மறுக்க வேண்டாமென்று காண்டிராக்டரிடம் சொன்னேன். கொடுக்க வேண்டியதைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்பவனுடைய மற்ற மறுப்புகளுக்கு ஒரு கௌரவம் ஏற்படுகிறது; படிப்பவர், இவன் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மறுக்கிறவன் அல்லன் என்ற அபிப்பிராயத்தோடு அடுத்த பாராவுக்குப் போகிறார்.

கிழக்குச் சுவருக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு ஸ்ரீரங்கம்; ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி, பழைய வீடுகளின் சுவர்களில் முழங்காலளவுக்கு உவர் பூத்து வெளுத்துப் போவதை அங்குள்ளவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுவதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேலே, பீட மட்டத்தில், ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவையில் நீர்த்தடுப்புப் பவுடர் சேர்த்து முக்கால் அங்குலத் தளம் ஒன்று போடுகிறோம், டி.பி.சி. என்று எங்கள் பேச்சில் வழங்குவது அதுதான். அது போடப்படவில்லை, அல்லது சரியாகப் போடப்படவில்லை என்பது ஸ்தாபனத்தாரின் என்ஜினீயர் எழுதிய குறிப்பு.

சுவரைச் சுற்றி வந்து பார்த்ததும், கட்டடம் ஒப்படைத்தபோது இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. கிழக்குப் பக்கம் முழுவதும் சுவரை ஒட்டியே மண் கொட்டி உயர்த்தி, துளசியும் பூச்செடிகளும் வைத்து ஒரு சிறு நந்தவனம் போட்டிருந்தார்கள். தினந்தோறும் இருவேளையும் அதற்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. டி.பி.சி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. நந்தவனத்து மண் இரண்டடி உயரத்துக்கு வந்துவிட்டது. தடுப்புத் தளத்துக்கு மேலேயே அரையடி ஈரமண் செங்கல்லோடு உறவாடிக்கொண்டிருந்தால், அந்தத் தளம் எவ்வளவு உத்தமமாகப் போடப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஆனால் இதை நாமே கண்டுபிடித்துக் கடிதத்தில் எழுதினால் அது நம் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். ஆகையால், இரு தரப்பு என்ஜினீயர்களும் முன்னிலையில் இருக்க, ஈரங்கண்ட கிழக்குச் சுவரில் ஓரிடத்திலும், ஈரமில்லாத பின்சுவரில் ஓரிடத்திலும் பூச்சைக் கொத்திப் பார்க்க அனுமதி வேண்டுமென்று முதலில் ஒரு சிறு கடிதம் போட்டோம். அனுமதி கிடைத்தது. இரண்டு இடத்திலும் டி.பி.சி. வெடிப்பில்லாமல், ஒரே மட்டத்தில், ஒரே கனத்தில் இருந்தது. ஆற்றுநீரோ குறைவேலையோ காரணமாயிருந்தால் நாலு சுவரிலும் ஈரம் ஏறியிருக்க வேண்டும். நந்தவனம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு மட்டும் ஈரம் நின்றதற்கு வேறு சமாதானம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி நாலு வரியில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். யாருடைய குற்றம் என்று அந்தக் காகிதத்தில் ஒரு சொல்லும் எழுத வேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டேன். குற்றம் எழுதப்பட்டிருந்தால் அவர்கள் என்ஜினீயர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். மண் இரண்டடி, டி.பி.சி. ஒன்றரை அடி என்று எழுதப் போதுமான நேர்மை அவரிடம் இருந்தது.

எஞ்சிய கழிவாகிய தாமதத்துக்கு இரண்டு வகையில் பதில் இருந்தது: ஒன்று நடந்த வரலாறு, மற்றொன்று சட்டம். சம்ப் தொட்டி கட்டச் சொல்லி ஸ்தாபனத்தார் கடிதம் கொடுத்தது 1986 நவம்பர் கடைசியில். அந்த மண்ணில் நாலடி தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே மூன்று வாரம் வேலை நடந்தது. முன்வாசல் முழுவதும் பள்ளமாகிவிட்டதால் தரைக்குப் போடும் கற்களை இறக்க இடமில்லை. பள்ளம் மூடப்பட்டபோது ஜனவரி பிறந்துவிட்டது; பகல்பத்தும் இராப்பத்துமாக வைகுண்ட ஏகாதசி உற்சவம் தொடங்கி, வீதிகளில் லாரி நுழைய வழியில்லாமல் மேலும் மூன்று வாரம் போயிற்று. உற்சவம் வருஷந்தோறும் வருவதுதானே, ஸ்ரீரங்கத்தில் வேலை எடுப்பவன் அதை அறிந்திருக்க வேண்டாமா என்று ஸ்தாபனத்தார் கேட்பார்களென்பது எனக்குத் தெரியும். கேள்வி நியாயமானதே. அதனால்தான், சம்ப் குறுக்கிடாவிட்டால் கற்கள் டிசம்பரிலேயே இறங்கி, உற்சவத்துக்கு முன் தரைவேலை முடிந்திருக்கும் என்பதையும், உற்சவம் எங்களைத் தாமதப்படுத்தவில்லை, சம்ப் தொட்டி எங்களை உற்சவத்துக்குள் தள்ளிவிட்டது என்பதையும் தேதிவாரியாகக் காட்டினேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதினேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவிலே, காலம் தவறிச் செய்த காரியத்தை ஒருவர் ஏற்றுக்கொள்ளும்போது, 'தாமதத்துக்காக நஷ்டஈடு கேட்கப்போகிறேன்' என்று அப்பொழுதே அறிவிக்காவிட்டால், பின்னால் கேட்க முடியாது என்றிருக்கிறது. பிப்ரவரி 11-ஆம் தேதி சாவி வாங்கிக்கொண்டவர்கள் அத்தகைய அறிவிப்பு எதுவும் தரவில்லை. அதற்கு மாறாக, ரிட்டென்ஷனில் முதல் பாதியை விடுவித்தார்கள். அதே சட்டத்தின் 74-வது பிரிவோ, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது உச்சவரம்பே ஒழிய, நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்கிறது; 1963-இல் ஃபதே சந்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியிருக்கிறது. இன்னும் ஒரு தீர்ப்பும் என் மனத்தில் இருந்தது. 1974-இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில், நஷ்டஈடு கேட்பது வெறும் கோரிக்கை, கோர்ட்டோ மத்தியஸ்தரோ தீர்மானிக்கும் வரையில் அது கடனாகாது என்று அதே கோர்ட்டு கூறியது. ஆயினும் 1983-இல் கமாலுத்தீன் அன்சாரி வழக்கில், ஒப்பந்தம் அதிகாரம் கொடுத்திருந்தால் கோரிக்கைக்காகவும் பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று சொல்லி முந்திய தீர்ப்பின் ஒரு பகுதியை மாற்றிவிட்டது. எனவே அந்தத் தீர்ப்பைக் கடிதத்தில் எழுதாமல், எங்கள் ஒப்பந்தத்து ஷரத்தையே எடுத்து எழுதினேன். அது, குறைகளைச் சரிசெய்த செலவை மட்டுமே ரிட்டென்ஷனிலிருந்து கழிக்க இடம் கொடுத்ததே தவிர, தாமதத்தையோ சிமெண்டையோ குறிப்பிடவில்லை. பாதி செத்த தீர்ப்பைக் காட்டுவதைவிட உயிரோடுள்ள ஷரத்தைக் காட்டுவது மேல்.

கடிதம் முழுவதும் ஃபுல்ஸ்கேப்பில் மூன்று பக்கம். அதன் முதல் பாரா மட்டும் இது:

'தாங்கள் அனுப்பிய இறுதிக் கணக்கு ஸ்டேட்மெண்டு கிடைத்தது. அதில் ரிட்டென்ஷன் பாக்கி ரூ. 31,600 என்று தாங்கள் காட்டியிருப்பதை ஒப்புக்கொள்கிறோம். கழிவுகளில் ரூ. 1,850 எங்களைச் சேர்ந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறோம். மற்ற ரூ. 29,610 கழிவை ஒப்புக்கொள்ள இயலாமைக்குக் காரணங்களைத் தங்கள் அனுபந்தங்களின் வரிசையிலேயே கீழே தெரிவிக்கிறோம். ஒப்பந்தப்படி 1988 மார்ச்சு 11-ஆம் தேதிக்குள் சேர்ந்திருக்க வேண்டிய நிகரத் தொகை ரூ. 29,750. அந்தத் தேதியிலிருந்து வட்டி கோர எங்களுக்குள்ள உரிமைக்குப் பாதகமில்லாமல் இதை எழுதுகிறோம்.'

வட்டியைப் பற்றிய வாக்கியம் வெறும் பயமுறுத்தலன்று. 1978-ஆம் வருஷத்து வட்டிச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தத்தால் குறித்த தேதியில் சேர வேண்டிய கடனுக்கு அந்தத் தேதியிலிருந்தே வட்டி விதிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வவுச்சரைக் கையெழுத்திடாமலே, ஆனால் கிழிக்காமலும், திருப்பி அனுப்பினோம். அதன் இடத்தில், 'ரிட்டென்ஷன் கணக்கில் பெற்றுக்கொண்டது' என்று மட்டும் எழுதிய வேறொரு ரசீதின் மாதிரியை இணைத்தோம். ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுப்பதற்கே 'முழுவதும் தீர்ந்தது' என்ற கையெழுத்தை நிபந்தனையாக்கினால், அந்தக் கையெழுத்து சுயேச்சையானதாகாது என்று பிற்காலத்தில், 2008-இல், போகாரா பாலிஃபேப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. எனினும் நிர்ப்பந்தத்தில் போட்டேன் என்று நிரூபிக்கும் சிரமத்தைவிடப் போடாமலிருப்பது எளிது.

கடிதம் போய்ச் சேர்ந்து சில வாரத்தில் ஸ்தாபனத்தின் காரியதரிசி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மேஜைமேல் எங்கள் கடிதமும் அவர்களுடைய ஸ்டேட்மெண்டும் அருகருகே விரித்திருந்தன. "சம்ப்புக்குப் பணம் கொடுத்திருக்கோம், சிமெண்டு கொடுத்த மாதிரி எழுதலை. ஆடிட்டர் இதைப் பார்த்தா என்னைத்தான் கேட்பார்" என்று அவர் சொன்னபோது, சிமெண்டு விவகாரம் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். நந்தவனத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. என்ஜினீயர்கள் கையெழுத்திட்ட காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். தாமதத்தைப் பற்றி மட்டும் சற்று வாதித்தார். சாவி வாங்கிய அன்று ஏன் அறிவிப்புக் கொடுக்கவில்லை என்பதற்கு அவரிடம் விடையில்லை. ஜூன் மாதத்தில் ரூ. 29,750-க்கு செக் வந்தது. வட்டியைக் காண்டிராக்டர் விட்டுக்கொடுத்தார். அது அவருடைய இஷ்டம், அவருடைய பணம். கல்யாண மண்டபம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு முடிவாக ஒன்று சொல்வேன். ரிட்டென்ஷனுக்கு ஞாபகக் கடிதங்கள் எழுதிக்கொண்டே வருஷங்களைக் கடத்தாதீர்கள். 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷத்தில் உரிமை காலாவதியாகும், நாம் எழுதும் ஞாபகக் கடிதம் எதுவும் அதை ஒரு நாள்கூட நீட்டிக்காது. அதை நீட்டிக்கக்கூடியது கடன்பட்டவர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொள்ளும் எழுத்து. அவர் அதே மூச்சில் கொடுக்க மறுத்திருந்தாலும், எதிர்க்கழிவு கேட்டிருந்தாலும், அந்த எழுத்து ஒப்புதலாகவே கொள்ளப்படலாம் என்று அச்சட்டத்தின் 18-வது பிரிவு கூறுகிறது. கெடு முடியுமுன் வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆகையால், பாக்கி 140 ரூபாய் என்று வரும் ஸ்டேட்மெண்டைப் பார்த்துக் கோபித்துக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் பணம் இவ்வளவு அவர்களிடம் இருக்கிறதென்று அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த பத்திரம் அதுதான். உறையோடு, தபால் முத்திரையோடு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.